சம்பளச் சீட்டு இல்லாதவரின் வருமானச் சான்று: பேஅவுட் அறிக்கையும் கடன் மதிப்பீடும்

கடன் கொடுக்கும் நிறுவனம் சம்பளச் சீட்டில் மூன்று செய்திகளைத் தேடுகிறது. வேலை கொடுத்தவர் யார், பிடித்தம் போக மாதம் எவ்வளவு கைக்கு வருகிறது, அடுத்த மாதமும் அது வருமா என்பவையே அவை. உணவு டெலிவரி செய்பவர், செயலி வழியே கார் அல்லது ஆட்டோ ஓட்டுபவர், வீட்டுப் பழுது வேலைக்குச் செல்பவர் ஆகியோரிடம் அந்தச் சீட்டு இல்லை. அவர்கள் கையில் இருப்பது செயலி நிறுவனம் வாரந்தோறும் தரும் பேஅவுட் அறிக்கை. பணம் கொடுத்தது யார் என்பதை அது சொல்லும். கைக்கு வந்தது எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அடுத்த மாதத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும் 2029-30க்குள் அது 2.35 கோடியாகும் என்றும் மதிப்பிட்டது. இத்தனை பேரின் கடன் தகுதி, சம்பளச் சீட்டின் வேலையைச் செய்வதற்காக எழுதப்படாத ஒரு தாளைப் பொறுத்தே இருக்கிறது.

அந்தத் தாளைச் சரியாகப் படிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உணவு டெலிவரி ஊழியர் ஒருவரின் வாராந்திர அறிக்கையில் ஆர்டருக்கான கூலி, இலக்கை எட்டியதற்கான இன்சென்டிவ், மழை நேர அல்லது நெரிசல் நேரக் கூடுதல் தொகை, வாடிக்கையாளர் தந்த டிப்ஸ் ஆகியவை வரவுப் பக்கத்தில் இருக்கும். மூலத்தில் பிடித்த வரி, பை மற்றும் சீருடைக்கான தவணை, ஆர்டர் ரத்தானதற்கான அபராதம், முன்பணம் வாங்கியிருந்தால் அதன் கழிவு ஆகியவை பற்றுப் பக்கத்தில் வரும். இவற்றோடு சம்பளச் சீட்டில் எங்கும் காணாத இன்னொரு வரியும் உண்டு. அது வாடிக்கையாளரிடம் ரொக்கமாக வாங்கி ஊழியர் தன் கையில் வைத்திருக்கும் பணம். ரொக்க ஆர்டரில் வாங்கிய தொகையை ஊழியர் நிறுவனத்துக்குத் திருப்பிச் செலுத்தாவிட்டால், அவருக்குச் சேர வேண்டிய கூலியில் அது கழிக்கப்படும்.

சென்னையில் மோட்டார் சைக்கிளில் டெலிவரி செய்யும் ஒருவரின் ஒரு வாரத்தை எடுத்துக்காட்டாக அமைத்துப் பார்க்கலாம். ஆர்டர் கூலி 5,400 ரூபாய், இன்சென்டிவ் 1,300, டிப்ஸ் 150 என்று மொத்தம் 6,850 ரூபாய். கூலிக்கும் இன்சென்டிவுக்கும் 1 சதவீத வரிப் பிடித்தம் 67 ரூபாய், பைத் தவணை 133 ரூபாய். மிச்சம் 6,650. அந்த வாரம் அவர் வாங்கி வைத்திருந்த ரொக்கம் 2,150 ரூபாய். அது போக வங்கிக் கணக்கில் விழுந்தது 4,500. அவர் உழைத்துச் சேர்த்தது 6,850 ரூபாய் என்றாலும், வங்கிப் பாஸ்புத்தகம் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே காட்டுகிறது. மீதியில் பெரும்பகுதி அவர் சட்டைப்பையில் இருந்து பெட்ரோலுக்கும் மளிகைக்கும் போய்விட்டது. வங்கி வரவை மட்டும் பார்க்கும் கடன் அதிகாரிக்கு இவர் ஏழையாகத் தெரிவார். அறிக்கையின் மேல்வரியை மட்டும் பார்ப்பவருக்கு உள்ளதைவிட வசதியானவராகத் தெரிவார். இரண்டும் தவறான கணிப்பே.

மேல்வரி ஏன் ஏமாற்றும் என்றால், பேஅவுட் என்பது வரவு, வருமானம் அல்ல. சம்பளக்காரர் அலுவலகத்துக்குப் போய்வரும் செலவு அவர் குடும்பக் கணக்கில் சேரும். டெலிவரி ஊழியருக்குப் பெட்ரோல், டயர், ஆயில், வண்டி இன்சூரன்ஸ், போன் டேட்டா எல்லாம் அந்த வரவை ஈட்டுவதற்கான செலவு. கார் ஓட்டுபவருக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. எரிபொருளோடு செயலியின் கமிஷன், சுங்கக் கட்டணம், பெர்மிட், வாடகைக் கார் என்றால் அன்றாட வாடகை என எல்லாம் அதில் சேரும். சில அறிக்கைகளில் பயணி கட்டிய முழுக் கட்டணமும் முதலில் இருக்கும், கமிஷன் பின்னால் கழிக்கப்படும். முதல் எண்ணை வருமானமாக எழுதிய விண்ணப்பங்கள் சரிபார்ப்பில் நிற்பதில்லை.

இதனால் வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் ஒரு வாரத்தையோ ஒரு மாதத்தையோ பார்த்து முடிவு செய்வதில்லை. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான அறிக்கைகளை வங்கிக் கணக்கோடு சேர்த்துக் கேட்கின்றன. நடைமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆனால் கணக்கின் போக்கு ஏறத்தாழ ஒன்றே: மாதச் சராசரி எடுப்பது, பண்டிகை மாதம் போன்ற உச்சத்தை விலக்குவது, தொழில் செலவைக் கழிப்பது, மிஞ்சியதில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகாமல் பார்ப்பது.

மேற்சொன்ன ஊழியர் ஒரு லட்ச ரூபாய்க்கு இருசக்கர வாகனக் கடன் கேட்கிறார் என்று கொள்வோம். 18 சதவீத வட்டியில் 36 மாதங்களுக்கு மாதத் தவணை சுமார் 3,615 ரூபாய் வரும். ஜூன் முதல் நவம்பர் வரை அவருடைய மாத வரவு 28,000, 27,000, 25,500, 29,000, 34,500, 18,000. அக்டோபரில் தீபாவளி இன்சென்டிவ் சேர்ந்தது. நவம்பரில் மழையும் பத்து நாள் காய்ச்சலும் வருமானத்தைக் குறைத்தன. ஆறு மாதச் சராசரி 27,000. உச்ச மாதமான அக்டோபரை விலக்கினால் 25,500. மாதம் 26 நாள், நாளுக்கு 110 கிலோமீட்டர் என ஓடினால் 2,860 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கிடைத்தால் ஏறத்தாழ 64 லிட்டர் பெட்ரோல், அதற்கு 6,400 ரூபாய், பராமரிப்புக்கு 1,100. ஆகச் செலவு 7,500. மிச்சம் 18,000 ரூபாய்தான் இவருடைய வருமானம். அதில் பாதி 9,000. போனுக்கு ஏற்கெனவே கட்டும் தவணை 1,800 போக 7,200 ரூபாய் வரை புதிய தவணை தாங்கும். 3,615 ரூபாய் அதற்குள் அடங்குகிறது. கடன் கிடைக்கும்.

இதே ஆளை வங்கி வரவை மட்டும் வைத்து எடைபோட்டால் விடை மாறிவிடும். 25,500இல் மூன்றில் இரண்டு பங்கு 17,000 மட்டுமே பாஸ்புத்தகத்தில் தெரியும். செலவு 7,500 போக 9,500, அதில் பாதி 4,750, போன் தவணை போக 2,950. தவணை 3,615 என்பதால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். உழைப்பும் வருமானமும் ஒன்றே. ரொக்கம் எந்த வழியாகப் போனது என்பது ஒன்றுதான் வேறு. வாங்கிய ரொக்கத்தை அன்றன்றே யூபிஐ மூலமோ வசூல் மையத்திலோ நிறுவனத்துக்குச் செலுத்திவிட்டால் கழிவு நின்று, முழுக் கூலியும் கணக்கில் விழும். கடன் கேட்பதற்கு ஆறு மாதம் முன்பே இப்படிச் செய்பவரின் விண்ணப்பம், அதே வருமானத்தில், வேறு விண்ணப்பமாகிவிடுகிறது. செயலிப் பணத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருந்தால் இன்னும் தெளிவு. மாமாவுக்குக் கைமாற்றாகக் கொடுத்து வாங்கிய பணமும் சீட்டுப் பணமும் அதில் கலக்காது.

பேஅவுட் அறிக்கையும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகாதபோது, கடன் அதிகாரி மூன்றாவதாக நம்பும் தாள் ஒன்று உண்டு. வருமான வரித் துறை இணையதளத்திலிருந்து எடுக்கும் 26ஏஎஸ் என்ற அறிக்கை அது. ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலோ ஆண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, ஒப்பந்த வேலைக்குப் பணம் கொடுப்பவர் தனிநபரிடம் 1 சதவீதம் வரி பிடித்து அவரது பான் எண்ணில் செலுத்த வேண்டும். அந்தப் பிடித்தத்தோடு, எவ்வளவு தொகைக்குப் பிடித்தார் என்பதையும் நிறுவனம் அரசுக்குச் சொல்கிறது. ரொக்கக் கழிவுக்கு முந்தைய தொகை அது. பிடிஎஃப் கோப்பைப் போல யாரும் திருத்தவும் முடியாது. மேற்கண்ட ஊழியருக்கு இதுவே உண்மையான வரவை நிறுவும் சாட்சி.

இதற்கும் எல்லைகள் உண்டு. நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறைதான் பிடித்த வரிக்குக் கணக்கு தாக்கல் செய்கின்றன. ஆகவே டிசம்பரில் கடன் கேட்பவரின் அறிக்கையில் செப்டம்பர் வரைதான் இருக்கும். பான் எண் தரப்படாமலோ செயலிழந்தோ இருந்தால் 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் போகும். வாராந்திர அறிக்கையில் வரிப் பிடித்தம் திடீரெனப் பெருத்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பான் விவரத்தைத்தான். மின்வணிகத் தளத்தின் வழியே சேவை தருபவராக ஓட்டுநரைக் கருதும் நிறுவனங்கள் வேறு பிரிவில் வரி பிடிக்கின்றன. 2024 அக்டோபர் முதல் அதன் விகிதம் 0.1 சதவீதம். ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்குள் ஈட்டும் தனிநபர் பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் பிடித்தமே இல்லை. அப்படிப்பட்ட ஓட்டுநரின் வரவு 26ஏஎஸ்ஸில் தென்படாமலே போகலாம்.

வரிக் கணக்குத் தாக்கல் செய்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. சிறு தொழில் செய்வோர் கணக்குப் புத்தகம் வைக்காமல், வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம் என்று வரிச் சட்டம் சலுகை தருகிறது. பிடித்த வரியைத் திரும்பப் பெறுவதற்காகக் கணக்குத் தாக்கல் செய்யும் ஊழியர்களுக்கு, இந்தக் குறைந்த அளவையே போட்டுக் கொடுக்கும் இடைத்தரகர்கள் உண்டு. ஆண்டு வரவு 3,24,000 ரூபாய் என்றால் 6 சதவீதம் 19,440. மாதத்துக்கு 1,620 ரூபாய். கடன் அதிகாரி இந்தத் தாளைப் பார்த்தால், மற்ற எல்லாச் சான்றும் வீண். 6 சதவீதம் என்பது கீழ்வரம்புதான். அதற்கு மேல் உண்மையான லாபத்தைக் காட்டத் தடையில்லை, காட்டுவதுதான் சரியும்கூட. மேற்கண்ட ஊழியரின் மாத வருமானம் 18,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். புதிய வரி முறையில் நான்கு லட்சம் வரை வரியே இல்லை. உள்ளதைக் காட்டுவதால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்ஜியம், பிடித்த பணமும் முழுதாகத் திரும்பும். இந்த ஒரு தகவல் ஊழியர்களிடம் போய்ச் சேராததால் தவறிப்போகும் கடன்கள் வருத்தத்துக்குரியவை.

பேஅவுட் அறிக்கையே கிடைக்காத பிரிவினரும் பெருகிவருகிறார்கள். 2025 பிப்ரவரியில் ஊபர் தன் ஆட்டோ சேவையைக் கமிஷன் இல்லாத முறைக்கு மாற்றியது. ஓட்டுநர் செயலிக்குச் சந்தா கட்டுகிறார், பயணி ஓட்டுநருக்கே நேரடியாகப் பணம் கொடுக்கிறார். நம்ம யாத்ரி போன்ற செயலிகளும் சந்தா முறையில் இயங்குபவையே. ஓட்டுநருக்கு இது லாபம். ஆனால் நிறுவனத்திடமிருந்து பணம் எதுவும் வராததால் பேஅவுட் என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. செயலியில் உள்ள சவாரி வரலாறு, கியூஆர் வழியாக வந்த யூபிஐ வரவுகள், கட்டிய சந்தாவின் பதிவு ஆகியவற்றைச் சேர்த்துத்தான் வருமானத்தை நிறுவ வேண்டும். சில்லறை ரொக்கத்தை வாரம் ஒருமுறையாவது கணக்கில் கட்டிவரும் ஓட்டுநருக்கு இது எளிது. ரொக்கமாகவே செலவழித்துவிடுபவருக்குத் தன் உழைப்பின் தடயமே இல்லை.

அடுத்த சிக்கல் ஐடி. தன் உரிமம் காலாவதியானதால் தம்பியின் ஐடியில் ஓட்டுபவர்கள் உண்டு. ஐடியை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்களும் உண்டு. வேலை ஒருவருடையது; அறிக்கை, பான், வங்கி வரவு மூன்றும் இன்னொருவர் பெயரில். இதற்கு எந்த விளக்கக் கடிதமும் உதவாது. ஐடிக்கு உரியவர்தான் அந்த வருமானத்தின் பெயரில் கடன் வாங்க முடியும், தவணை தவறினால் சிபில் மதிப்பெண் இறங்குவதும் அவருக்குத்தான். இதைவிடச் சிறிய, தீர்க்கக்கூடிய பிசகும் உண்டு. செயலி நிறுவனத்தின் பெயரில் அல்லாமல், அது அமர்த்திய ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பெயரிலோ பணப் பட்டுவாடா நிறுவனத்தின் பெயரிலோ வங்கியில் வரவு விழும். அறிக்கையில் உள்ள பரிவர்த்தனை எண்ணை வங்கி வரவின் எண்ணோடு பொருத்திக் காட்டினால் இந்த ஐயம் தீரும். இரண்டு மூன்று செயலிகளில் மாறிமாறி ஓட்டுபவருக்கு எல்லாவற்றின் அறிக்கையும் தேவை. ஒன்றை மட்டும் கொடுத்தால் பாதி வருமானம் கணக்கில் வராது, ஆனால் பெட்ரோல் செலவு முழுதாகக் கழியும்.

அறிக்கை பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகவோ திரைப்பிடிப்பாகவோ வருவதால் போலிக்கும் இடமுண்டு. கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி எண்களைத் திருத்தித் தரும் ஏஜென்டுகளிடம் ஊழியர்கள் சிக்குகிறார்கள். திருத்தம் பிடிபடும் வழிகள் எளியவை. கூட்டல் கழித்தல் ஒத்துவராது, வரிப் பிடித்தம் 1 சதவீதமாக இராது, கோப்பின் உள்விவரத்தில் திருத்திய மென்பொருளின் பெயர் இருக்கும், 26ஏஎஸ் வேறு தொகையைக் காட்டும். திருத்தியது ஏஜென்டாக இருந்தாலும் கையெழுத்திட்டவர் ஊழியர். போலி ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம்.

போலியைத் தவிர்க்கும் ஒரு வழி இந்தியாவில் பாதி திறந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2016இல் விதி வகுத்து, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கணக்குத் திரட்டி முறையில், வாடிக்கையாளரின் ஒப்புதலோடு வங்கி விவரம் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகப் போகிறது. பாஸ்புத்தக நகலோ பிடிஎஃப்போ நடுவில் இல்லை. ஒப்புதல் எதற்காக, எத்தனை நாளுக்கு என்பது திரையிலேயே இருக்கும், அதைத் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் இதில் விவரம் தரும் பக்கத்தில் வங்கி, காப்பீடு, பரஸ்பர நிதி, ஓய்வூதியம் போன்ற நிதித்துறை நிறுவனங்களும் சரக்கு சேவை வரி வலையமைப்பும் இருக்கின்றன. உணவு டெலிவரி நிறுவனமோ கார் செயலியோ அதில் இல்லை. ஆகவே வங்கி வரவு நேரடியாகப் போகிறது, ஆனால் அதைவிட முழுமையான பேஅவுட் விவரம் இன்னும் ஊழியர் பதிவிறக்கி அனுப்பும் கோப்பாகவே நிற்கிறது.

இந்த இடைவெளியில்தான் செயலி வழியே தரப்படும் கடன்கள் வளர்ந்திருக்கின்றன. செயலி நிறுவனத்தோடு கூட்டு வைத்த நிதி நிறுவனத்துக்கு ஊழியரின் வரவு விவரம் நேரடியாகக் கிடைக்கிறது, தவணையும் வாராவாரம் பேஅவுட்டிலேயே கழிகிறது. மாதத்தில் ஒரே நாளில் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பி, அபராதம் விழும் நிலை இதில் குறைவு. வாரம் 850 ரூபாய் கழிவதை, மாதம் 3,600 ரூபாய் ஒதுக்கிவைப்பதைவிடத் தாங்கிக்கொள்ளலாம். மறுபக்கம், குடும்பத்துக்கு எவ்வளவு அவசரமான வாரமானாலும் தவணைக்குப் போன பிறகே மிச்சம் கைக்கு வரும். வேறு செயலிக்கு மாறும் சுதந்திரமும் சுருங்குகிறது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் தொகை ஊழியரின் கணக்குக்கோ, வண்டி போன்ற குறிப்பிட்ட பொருளுக்கான கடனென்றால் விற்பவர் கணக்குக்கோ நேரடியாகப் போக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் முக்கிய விவரத் தாளில் இருக்க வேண்டும். கடன் செயலி போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது. இந்தத் தாளைக் கொடுக்காத, தொடர்பு எண்களுக்கு அனுமதி கேட்கும் செயலியை அந்த இடத்திலேயே மூடிவிடுவது நல்லது.

அரசு தரும் அடையாளங்கள் இதில் எவ்வளவு உதவுகின்றன? தமிழ்நாட்டில் 2023இல் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 தொழிலாளர்களுக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. மானியம் போக மீதி விலைக்குப் பலருக்குக் கடன் வேண்டும், அப்போது மறுபடியும் வருமானச் சான்று கேட்கப்படும். வாரிய அட்டையும் ஈ-ஷ்ரம் எண்ணும் தொழிலைச் சான்றளிக்கின்றன, வருமானத்தை அல்ல. ராஜஸ்தான் 2023இல் இயற்றிய சட்டம் இந்த வகையில் ஒரு படி மேலே சென்றது. ஒவ்வொரு ஊழியருக்கும் செயலி நிறுவனம் கொடுக்கும் பணம் அரசு கண்காணிக்கும் மையத் தகவல் அமைப்பில் பதிவாக வேண்டும் என்று அது கூறுகிறது. நல நிதிக்கான கட்டணத்தைச் சரிபார்க்க வகுத்த ஏற்பாடு அது. அப்படியொரு பதிவு முழுமையாக இயங்கினால், ஊழியர் ஒப்புதலோடு கடன் நிறுவனம் பார்க்கக்கூடிய, யாராலும் திருத்த முடியாத வருமானச் சான்றும் அதுவே ஆகலாம்.

எத்தனை சான்று சேர்ந்தாலும் அவை எல்லாம் கடந்த மாதங்களைப் பற்றியவை. மதிப்பெண் குறைந்தது, வாடிக்கையாளர் புகார் அளித்தார், முகச் சரிபார்ப்பில் படம் பொருந்தவில்லை என்ற காரணங்களால் ஐடி பிளாக் ஆனால் வருமானம் அன்றே நின்றுவிடும். முப்பத்தாறு மாதத் தவணை நிற்காது. நிதி நிறுவனங்கள் இந்த அபாயத்தைக் குறுகிய தவணைக் காலமாகவும் கூடுதல் வட்டியாகவும் ஊழியர் மேலேயே ஏற்றுகின்றன. எத்தனை மாதம் இடைவெளி இல்லாமல் ஓட்டினார், ஒன்றுக்கு மேற்பட்ட செயலியில் ஓட்டுகிறாரா என்பதை அவை கூர்ந்து பார்ப்பதும் இதனால்தான். கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், ஊழியரை நீக்கும் முன் எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாத வரை, இங்கே ஓட்டுபவர் தனக்கென்று எடுக்கக்கூடிய முன்னேற்பாடு இரண்டாவது செயலியில் ஐடியை உயிரோடு வைத்திருப்பதும், இரண்டு மூன்று தவணைக்கான பணத்தைக் கணக்கில் விட்டுவைப்பதும்தான்.